பெயரிற் பிழையா, பாதையிற் பிழையா?

கணினியில் மென்பொருளொன்றை நிறுவ முயன்று தோல்வியுறும் மாணவனுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, "கோப்புறைப் பெயரிலும் பயனர் பெயரிலும் இடைவெளி விடாதே, ஆங்கில எழுத்தன்றி வேறெழுத்தை எழுதாதே" என்பதாகும். நிறுவற் கையேடுகள் சிலவற்றில் இவ்விரண்டும் ஒரே வாக்கியத்திற் சேர்த்தே கூறப்படுகின்றன. அறிவுரை என்ற வகையில் இது பயனுடையதே. இதனைப் பின்பற்றியவர் பெரும்பாலும் தம் காரியத்தை முடித்துக்கொள்வர். ஆயின், விளக்கம் என்ற வகையில் இது பிழையானது. வெவ்வேறு காரணங்களையுடைய இரு குறைபாடுகளை இது ஒன்றாக்கிவிடுகின்றது. அத்துடன் செய்நிரலின் குற்றத்தைப் பெயரின் மேற் சுமத்துகின்றது. அவ்விளக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மவர் பெரும்பாலும் பயன்படுத்தும் விண்டோஸ் பணிசெயல் முறைமையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றேன்.

முதலில் இடைவெளியை நோக்குவோம். கட்டளை வரியொன்றில் இடைவெளி என்பது ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டும் குறியாகும். பெயரொன்றினுள்ளே இடைவெளி வருமாயின், அப்பெயர் முழுவதையும் மேற்கோட் குறிகளுக்குள் அடைத்துக் கொடுத்தல் வேண்டும். அதனைச் செய்யவேண்டியவர் செய்நிரலை எழுதியவரேயன்றிப் பெயரை வைத்தவர் அல்லர். செய்நிரலாளர் இதனை மறந்துவிட்டால், Kamala Devi என்ற கணக்கையுடையவரின் திரையில் இவ்வாறு தோன்றும்:

```
'C:\Users\Kamala' is not recognized as an internal
or external command, operable program or batch file.
```

பெயர் எங்கே அறுபட்டிருக்கின்றது என்பதை உற்று நோக்குக. முதல் இடைவெளியோடு பாதை முடிந்துவிட்டது. பிழைச் செய்தியில் இவ்வாறு பாதி அறுந்த பெயரொன்று காணப்படின் நோய் இடைவெளியே என்று துணியலாம். எழுத்து வகைக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. இங்கே பெயர் முற்றிலும் ஆங்கில எழுத்திலேயே உள்ளது என்பது மனங்கொளத்தக்கது.

இடைவெளியைக் குற்றம் என்போர் கவனிக்கத் தவறும் செய்தியொன்றுண்டு. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95, நீண்ட பெயர்களுக்கும் அவற்றினுள் இடைவெளிக்கும் இடமளித்ததோடு, மென்பொருள்கள் குடியிருக்கும் கோப்புறைக்கே Program Files என இடைவெளியுள்ள பெயரைச் சூட்டியது. 2001இல் வந்த எக்ஸ்பி பதிப்பிலோ பயனரின் இல்லம் Documents and Settings என இரண்டு இடைவெளிகளைக் கொண்டிருந்தது. அடுத்து வந்த விஸ்ராவில் அது Users எனச் சுருங்கியது. வீட்டுத் தலைவாயிலிலேயே இடைவெளி இருக்கும்போது விருந்தாளியின் பெயரில் அது கூடாதென்பது விந்தையே. எனினும் மேற்கோட் குறியால் தீராத சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. மென்பொருளை மூலநிரலிலிருந்து ஆக்க உதவும் make என்னும் பழைய கருவி, கோப்புப் பெயர்களின் பட்டியலை இடைவெளியாற் பிரித்தே வாசிக்கும். அக்கருவி குறுக்கிடும் இடங்களில் இடைவெளியற்ற பாதையைத் தெரிவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி இரண்டாவது குறைபாட்டிற்கு வருவோம். இதுவே தமிழரை நேரிற் பாதிப்பது. அதிகம் தவறாக விளக்கப்படுவதும் இதுவே.

எமது பீடத்துச் சக மாணவி ஒருவரின் மடிக்கணினியில் நிகழ்ந்ததை உதாரணமாகக் கொள்ளலாம். அவர் பெயரைக் கமலா என வைத்துக்கொள்வோம். கணினியை முதன்முதல் இயக்கிய அவரது தம்பி, இணைய இணைப்பின்றி உள்ளகக் கணக்கொன்றைத் திறந்து, அக்காவின் பெயரைத் தமிழிலேயே தட்டச்சுச் செய்திருந்தான். அதனால் அவரது இல்லக் கோப்புறை C:\Users\கமலா என அமைந்தது. ஈராண்டு காலம் யாதொரு இடையூறும் நேரவில்லை. கட்டுரைகள் எழுதினார், படங்கள் பார்த்தார், அச்சிட்டார். ஆய்வு முறையியற் பாடத்திற்கெனப் புள்ளிவிபர மென்பொருளொன்றை நிறுவ முற்பட்டபோதே அது மறுத்தது. ஓரளவு கணினி அறிந்த நாங்கள், "பாதையில் தமிழ் இருப்பதுதான் காரணம், D:\Stat என்ற கோப்புறையில் நிறுவுங்கள்" என்றோம். அவ்வாறு செய்தும் அதே மறுப்பே வந்தது. திரையிற் கண்ட பாதை இது:

```
C:\Users\????\AppData\Local\Temp
The filename, directory name, or volume label
syntax is incorrect.
```

நிறுவும் இடத்தை மாற்றியும் பயன் கிட்டாதது ஏன்? நிறுவுநிரல் தன்னுள் அடங்கிய கோப்புகளை முதலில் ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரித்துவைத்து, பின்னரே நாம் குறித்த இடத்திற்குக் கொண்டுசெல்கின்றது. அத்தற்காலிகக் கோப்புறை பயனரின் இல்லத்தினுள்ளே இருக்கின்றது. நாம் மாற்றியது பயணத்தின் முடிவிடத்தை மட்டுமே. பயணமோ தொடங்கும் இடத்திலேயே தடைப்பட்டுவிட்டது.

நான்கு வினாக்குறிகள் வந்த காரணம் இதனினும் நுட்பமானது. விண்டோஸ் தன் உள்ளே பெயர்களை யுனிகோட் முறையிலேயே வைத்திருக்கின்றது. ஆதலால் அதற்குத் தமிழ் அந்நியமன்று. ஆனால் கோப்பொன்றைத் திறக்குமாறு செய்நிரல்கள் அதனைக் கேட்பதற்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று CreateFileW, மற்றையது CreateFileA. முன்னையது யுனிகோட் பெயரை அவ்வாறே ஏற்கும். பின்னையது பழைய செய்நிரல்களுக்காக விடப்பட்டது. அதன்வழி வரும் பெயர்கள் அனைத்தும் அக்கணினிக்கென வரையறுக்கப்பட்ட ஓர் எழுத்து அட்டவணையினூடாகச் செல்லுதல் வேண்டும். ஆங்கிலத்திற்கென அமைக்கப்பட்ட கணினியில் அவ்வட்டவணையின் இலக்கம் 1252. அதில் உள்ளவை 256 இடங்களே. தமிழுக்கு அவற்றுள் ஓரிடமும் இல்லை. இடமில்லாத எழுத்துக்குப் பதிலாக முறைமை வினாக்குறியை இடுகின்றது. 'கமலா' என்பது யுனிகோட்டில் க, ம, ல, துணைக்கால் என நான்கு குறிகள். எனவே நான்கு வினாக்குறிகள். விண்டோஸில் கோப்புப் பெயரினுள் வினாக்குறி வருதல் விலக்கப்பட்டுள்ளது. ஆகவேதான் "பெயரின் அமைப்புப் பிழை" என்ற செய்தி கிடைத்தது. அப்பிழைப் பெயரை ஆக்கியது கமலா அன்று, பழைய வாயிலே.

இவ்விடத்திற் பிறிதொரு தோற்றத்தையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். சிலவேளை வினாக்குறிகளுக்குப் பதிலாக à®•à®®à®²à®¾ என்பதுபோன்ற எழுத்துச் சிதறல் தோன்றும். இதுவும் 'கமலா'வே. யுனிகோட்டின் ஒரு வடிவமாகிய UTF-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுகளாக எழுதப்படும். அவற்றை ஒரு செய்நிரல் 1252 அட்டவணை கொண்டு தனித்தனியே வாசிக்கும்போது பன்னிரண்டு வரியுருக்கள் உண்டாகின்றன. வினாக்குறியில் எழுத்து மீளமுடியாதவாறு அழிந்துவிடுகின்றது. சிதறலிலோ எழுத்து அழியவில்லை, பிழையாக வாசிக்கப்பட்டது மட்டுமே. நோயறிவார் இவ்வேறுபாட்டைக் கவனிப்பாராயின் அரைவாசி வேலை முடிந்ததெனலாம்.

"ஆங்கிலமல்லாத எழுத்து" என்ற தொடர் எத்துணைக் குழப்பமானது என்பது இப்பொழுது தெளிவாகும். பிரெஞ்சு மொழியின் é 1252 அட்டவணையில் உண்டு. ஆகவே அப்பெயருடையவர் பழைய வாயிலைக் கடந்துவிடுவார். ரஷ்ய மொழியாளருக்கு 1251 என்ற தனி அட்டவணை உண்டு. கணினியின் அமைப்பில் அதனைத் தெரிந்துவிட்டால் அவருடைய பெயரும் பழைய வாயிலாற் செல்லும். தமிழுக்கோ அவ்விடத்தில் அமர்த்தத்தக்க அட்டவணை எதுவும் வகுக்கப்படவில்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் சேர்க்கப்பட்டபோது அது யுனிகோட் வழியாக மட்டுமே வந்தது. எனவே ரஷ்ய மொழியாளருக்குப் பலித்த மருந்தை வாசித்துவிட்டு, "முறைமையின் மொழியைத் தமிழாக்கினாற் சரியாகும்" என நமக்குக் கூறுவோர், இல்லாத அட்டவணையொன்றை நம்புகின்றனர். இதனை ஆங்கில மேலாதிக்கம் என்ற ஒரே சொல்லால் முடித்துவிடும் நண்பர்களோடும் நான் முற்றாக உடன்படவில்லை. வாயில் திறந்தே இருக்கின்றது; செய்நிரலாளர் பழைய வாயிலாற் செல்கின்றனர் என்பதே சரியான குற்றச்சாட்டு.

இடையே ஒன்று. பாமினி எழுத்துருவாற் பழகிய நம் மூத்தோருக்கு இத்தொல்லை நேரவில்லை. பாமினியில் 'கமலா' என அடித்தால் கணினி பெறுவது fkyh என்னும் உரோம எழுத்துகளே. தமிழ் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது, கணினிக்குத் தெரியவில்லை. தெரிந்த பின்னரே தொல்லை தொடங்கிற்று.

தீர்வுகளை மதிப்பிடுவோம். பலர் முதலிற் செய்வது, அமைப்புப் பகுதிக்குச் சென்று கணக்கின் பெயரை ஆங்கிலத்தில் மாற்றுதல். இது வீண். மாறுவது காட்சிப் பெயரே. இல்லக் கோப்புறையின் பெயர் கணக்கினுள் முதன்முதல் நுழைந்தபோதே நிலைபெற்றுவிட்டது. கமலாவும் மாற்றிப் பார்த்தார். வினாக்குறிகள் நான்கும் அவ்வாறே நின்றன. பயனுள்ள முதல் முயற்சி, தற்காலிகக் கோப்புறையை வேறிடத்திற்குத் திருப்புவதாகும். நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இவ்வாறு அடித்து, நிறுவுநிரலை அதே சாளரத்திலிருந்து தொடக்குதல் வேண்டும்:

```
mkdir C:\Temp
set TEMP=C:\Temp
set TMP=C:\Temp
D:\setup.exe
```

இம்மாற்றம் அச்சாளரத்தோடு மறைந்துவிடுமாதலால் பிறவற்றைப் பாதிக்காது. ஆனால் நிறுவப்பட்ட மென்பொருள், பின்னர் தன் அமைப்புக் கோப்புகளை இல்லக் கோப்புறையில் எழுத முயன்றால் மீண்டும் தடைப்படும்.

2018இல் விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பு, பழைய வாயிலுக்கும் UTF-8ஐயே அட்டவணையாக்கும் தெரிவொன்றைச் சோதனை நிலையில் அறிமுகப்படுத்தியது. அதனைத் தெரிந்தால் தமிழ்ப் பெயர் பழைய வாயிலையும் கடக்கும். எனினும் 1252ஐ எதிர்பார்த்து எழுதப்பட்ட வேறு செய்நிரல்கள் தம் பழைய கோப்புகளைத் தவறாக வாசிக்கக்கூடும். ஒருவருக்கு நலமாவது இன்னொருவருக்கு நோயாகும் மருந்து இது. 2019இன் 1903 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு செய்நிரலும் தனக்கு மட்டும் UTF-8 வேண்டுமெனக் கேட்டுக்கொள்ள வழி உண்டு. புள்ளிவிபரத் துறையில் வழங்கும் R என்னும் மென்பொருள் 2022 ஏப்ரலில் வெளியான 4.2.0 பதிப்பில் இவ்வழியை மேற்கொண்டது. குறை செய்நிரலில் உள்ளதென்பதற்கும், அதனை அங்கேயே திருத்த முடியும் என்பதற்கும் இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கமலாவிற்கு ஒப்படை நாள் நெருங்கியிருந்தது. ஆகவே kamala என்ற பெயரில் புதிய உள்ளகக் கணக்கொன்றைத் திறந்து, ஒருமுறை அதனுள் நுழைந்து, கோப்புகளை அங்கு மாற்றினோம். மென்பொருள் முதல் முயற்சியிலேயே நிறுவப்பட்டது. அதன் பின்னர் காட்சிப் பெயரைத் தமிழில் மாற்றிக்கொண்டார். இப்பொழுது கணினியைத் திறக்கும்போது 'கமலா' என்றே வரவேற்கின்றது; பாதையில் மட்டும் kamala. பழைய கோப்புறையை அவர் இன்னும் அழிக்கவில்லை.