42-க்கும் 43-க்கும் நடுவே

ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதப்படும்போது காட்சிகளுக்கு எண் கிடையாது. படப்பிடிப்புக்கென்று அதைப் பூட்டும் நாளில்தான் ஒவ்வொரு காட்சித் தலைப்பின் இரு ஓரங்களிலும் எண் ஏறுகிறது. அதன்பின் அந்த எண்ணும் பக்க எண்ணும் நகரக் கூடாது. 57-ஆம் காட்சி என்றால் கலை, உடை, ஒலி, படத்தொகுப்பு என எல்லாருடைய குறிப்பிலும் கிளாப் பலகையிலும் அது 57தான்.

ஆனால் எழுத்து நிற்பதில்லையே! 42-ஆம் பக்கத்தில், 56-க்கும் 57-க்கும் இடையே ஒரு தொலைபேசிக் காட்சி சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 56ஏ ஆகும். பக்கம் வழிந்தால் மிச்சம் 42ஏ என்ற புதுத் தாளுக்குப் போகும். அதில் ஆறேழு வரிகள்தான் இருக்கும், கீழே முழுக்க வெள்ளை. 43-ஆம் பக்கம் தொடங்கிய இடத்திலேயே தொடங்கும். அந்த வெற்றிடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் மறுபடி அச்சடிக்காமல், இரண்டே தாள்களை அனுப்பினால் போதுமாகிறது.

முதல் திருத்தம் வழக்கமாக நீலத்தாளில் வரும், அடுத்தது இளஞ்சிவப்பில். தலைப்பில் தேதியும் நிறமும், மாறிய வரியின் வலது ஓரத்தில் ஒரு நட்சத்திரக்குறியும் இருக்கும். சென்ற திருத்தத்தின் நட்சத்திரங்களை அழிக்க மறந்தால் எது புதிது என்று யாருக்கும் தெரியாது. நீக்கிய காட்சியின் எண்கூட மறைவதில்லை. 'நீக்கப்பட்டது' என்ற சொல்லோடு அங்கேயே நிற்கும், வேறு காட்சி அதை எடுத்துக்கொள்ளாதபடி.