காலியான கட்டமும் 36 ரூபாய் புட்டும்

ஆப்ஷன் விலைப் பட்டியலில் ஒரு வரி. ஸ்ட்ரைக் 500. கால் பக்கம் 22 ரூபாய். புட் பக்கம் வெறும் கோடு, காலையிலிருந்து வியாபாரமே இல்லை. பங்கு 480-க்குப் போகிறது, எக்ஸ்பைரிக்கு மூன்று மாதம் இருக்கிறது. அந்தக் காலிக் கட்டத்தில் என்ன விலை இருக்க வேண்டும்?

இதற்குப் பங்கு ஏறுமா இறங்குமா என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஒரு பங்கை வாங்கி, 500-க்கு ஒரு புட் வாங்கி, அதே 500-க்கு ஒரு காலை விற்றுவிடுங்கள். எக்ஸ்பைரியில் பங்கு 430 ஆனால் புட்டைக் கொண்டு 500-க்குத் தள்ளிவிடலாம். 600 ஆனால் கால் வாங்கியவர் 500 கொடுத்துப் பங்கை எடுத்துக்கொள்வார். எப்படியானாலும் கையில் வருவது 500. அப்படியானால் இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு வைப்புத்தொகைதான். அதற்குரிய விலைதான் அதற்கு இருக்க முடியும். மூன்று மாதத்துக்கு வட்டி 2 சதவீதம் என்றால், அன்றைக்கு வரும் 500-இன் இன்றைய மதிப்பு 490.20.

```
P = C − S + K/(1+r)
P = 22 − 480 + 490.20 = 32.20
```

ஹான்ஸ் ஸ்டோல் 1969-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய உறவு இது. இதன் பலம், இது எதைக் கேட்காமல் விடுகிறது என்பதில் இருக்கிறது. பங்கு எவ்வளவு ஆடும் என்று 1973-இல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் கேட்கும், இது கேட்பதில்லை. அதனாலேயே ஒரு குறையும் கூடவே வருகிறது. கால் 22 என்பதே அதிக விலையாக இருந்தால், புட்டும் அதே அளவு அதிகமாகத்தான் வரும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டுமே இது அளக்கும்.

தூரமாவது துல்லியமா? திரையில் தெரியும் 22 கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அது பங்கு வேறு விலையில் இருந்தபோது நடந்ததாகவும் இருக்கலாம். இப்போது அந்தக் காலை வாங்க நிற்பவர் 20 தருகிறார், விற்க நிற்பவர் 24 கேட்கிறார் என்று வையுங்கள். பங்குக்கு 479.80, 480.20. இவற்றைப் போட்டுப் பார்த்தால் 32.20 என்ற ஒற்றை எண் கரைந்து, 30-க்கும் 34.40-க்கும் நடுவே ஒரு பட்டை மிஞ்சும். அதற்குள் புட் எங்கே இருந்தாலும் யாருக்கும் இலவச லாபம் கிடையாது. தரகும் வரியும் பட்டையை இன்னும் அகலமாக்கும்.

இப்போது ஒருவர் 36-க்கு அந்தப் புட்டை வாங்க வருகிறார். பட்டைக்கு வெளியே! பாடப்புத்தகம் படித்தவருக்குக் கை துறுதுறுக்கும். திரையில் தெரியும் விலையிலேயே வியாபாரம் நடக்கும் என்று வைத்து, புட்டை 36-க்கு விற்று, பங்கை 480-க்கு ஷார்ட் அடித்து, காலை 22-க்கு வாங்கினால் கையில் 494. வட்டியோடு 503.88 ஆகும், 500 கொடுத்துப் பங்கைத் திருப்பினால் 3.88 மிச்சம். லாட் ஆயிரம் பங்கு என்றால் 3,880 ரூபாய்.

அந்த மூன்று மாதத்துக்குள் நிறுவனம் 5 ரூபாய் டிவிடெண்ட் தருகிறது என்றால்? ஷார்ட் அடித்தவர் அதைத் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். ஆயிரம் பங்குக்கு 5,000. லாபம் போய், 1,120 ரூபாய் நட்டம். 36-க்கு வாங்க வந்தவர் அசடு அல்ல. டிவிடெண்டைக் கணக்கில் சேர்த்துவிட்டு வந்தவர். சூத்திரம் பிசகவில்லை, அதற்குள் நாம் போட்ட 480 பிசகு.

நம் ஊர்ச் சந்தையில் இன்னொரு முட்டுக்கட்டை. கேஷ் பிரிவில் பங்கை விற்றுவிட்டு மூன்று மாதம் அப்படியே வைத்திருக்கச் சாதாரண முதலீட்டாளரால் முடியாது. கடனாகப் பங்கு வாங்கும் வழி உண்டென்றாலும் எல்லாப் பங்குக்கும் கிடைக்காது. அதனால் விவரமானவர்கள் பங்கை விட்டுவிட்டு, அதே எக்ஸ்பைரியின் ஃபியூச்சர்ஸைப் பிடிப்பார்கள். டிவிடெண்ட் எதிர்பார்ப்பு அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஃபியூச்சர்ஸ் 484.60 என்றால், 500-க்கு உள்ள வித்தியாசம் 15.40, அதன் இன்றைய மதிப்பு 15.10. காலின் 22-ஐக் கூட்டினால் புட் 37.10. வட்டியைத் தவறாக எடுத்தாலும் இங்கே சில காசுதான் மாறும். பங்கு விலையை வைத்துப் போட்ட முதல் கணக்கிலோ, 2-க்குப் பதில் 1.5 சதவீதம் என்று வைத்தாலே புட் 32.20-இலிருந்து 34.61-க்குத் தாவிவிடும்.

இத்தனையும் எக்ஸ்பைரி அன்று மட்டுமே உரிமையைப் பயன்படுத்தக்கூடிய ஐரோப்பிய வகை ஆப்ஷனுக்குத்தான். தேசியப் பங்குச் சந்தையில் தனிப் பங்கு ஆப்ஷன்கள் 2011 வரை அமெரிக்க வகையாக இருந்தன. அதில் புட் வாங்கியவர் எந்த நாளிலும் உரிமையைப் பயன்படுத்தலாம் என்பதால், சமன் குறி அங்கே நிற்காது. அந்தக் காலத்து விலைகளை எடுத்து இந்தச் சூத்திரத்தைச் சோதிப்பவர், கிடைக்கும் வித்தியாசத்தைச் சந்தையின் தவறு என்று எழுதிவிடக் கூடாது.