ஏழு முறை வெட்டும் கோடு

கணக்கில் எனக்குப் பிடித்த சமன்பாடு எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்: sin x = x/10. பார்க்கப் பரம சாது. தீர்க்க உட்கார்ந்தால் ஓர் அடிகூட நகராது. x ஒரு பக்கம் சைனுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் சும்மா நிற்கிறது. எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் இரண்டையும் ஒன்றுசேர்த்துப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் கேள்வி, ‘தீர்வுகள் எவை’ என்பதல்ல. ‘−4π முதல் 4π வரை எத்தனை தீர்வுகள்’ என்பதுதான். அதற்கு ஒரு பென்சில் போதும். இந்த அழகுக்கு நான் அடிமை!

ஒரே தாளில் இரண்டு படங்களை வரைய வேண்டும். ஒன்று y = sin x என்ற அலை. மற்றொன்று y = x/10 என்ற நேர்க்கோடு; ஆதிப்புள்ளி வழியாக மெல்ல ஏறிப் போகும். கிடை அச்சு ரேடியனில் இருக்கட்டும். அலையும் கோடும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தீர்வு. சைன் ஒருநாளும் 1ஐத் தாண்டாது. கோடோ x = 10இல் 1ஐத் தொட்டுவிடும், பிறகு அலைக்கு மேலேயே போய்விடும். 4π என்பது ஏறக்குறைய 12.57. ஆகவே 10க்கு அப்பால் இடைவெளி எவ்வளவு நீண்டாலும் எண்ணிக்கை மாறாது.

வலப்பக்கம் மட்டும் பார்ப்போம். கோடு அங்கே அச்சுக்கு மேலேதான் இருக்கிறது, அதனால் அலையின் பள்ளங்களை மறந்துவிடலாம். மேடுகள் மட்டுமே கணக்கு. முதல் மேடு 0 முதல் π வரை. ஆதிப்புள்ளியில் இரண்டும் ஒன்றாகக் கிளம்புகின்றன. அலையின் சாய்வு 1, கோட்டின் சாய்வு 0.1. எனவே அலை சட்டென்று மேலே போய்விடுகிறது. π வரும்போது அலை சுழியில் படுத்துவிட, கோடு 0.314 உயரத்தில் நிற்கிறது. நடுவே எங்கோ வெட்டியே தீர வேண்டும். ஒரே முறைதானா? ஆம். வில்லாக வளைந்த மேட்டை ஒரு நேர்க்கோடு இரண்டு இடங்களுக்கு மேல் வெட்டாது. அதில் ஓர் இடத்தை ஆதிப்புள்ளி எடுத்துக்கொண்டது.

இரண்டாம் மேடு 2π முதல் 3π வரை. அதன் இரு அடிவாரங்களிலும் கோடு மேலே இருக்கிறது. உச்சி 5π/2இல், அதாவது 7.854இல், கோட்டின் உயரம் 0.785தான், அலையோ 1. உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று என்று இரண்டு தீர்வுகள். மூன்றாம் மேடு 10ஐத் தாண்டியது, விட்டுவிடலாம்.

ஆக வலப்பக்கம் மூன்று. x ஒரு தீர்வானால் −x உம் தீர்வு, அதனால் இடப்பக்கமும் மூன்று. சுழியையும் சேர்த்தால் ஏழு! இந்த வகைச் சமன்பாட்டில் சமச்சீர் இடைவெளிக்கு விடை எப்போதும் ஒற்றைப்படைதான். இரட்டைப்படை வந்தால் சுழியை மறந்துவிட்டோம் என்று பொருள். இடைவெளியின் குறியையும் பார்க்க வேண்டும்: 0 ≤ x ≤ 2π என்றால் இரண்டு தீர்வுகள், 0 < x ≤ 2π என்றால் ஒன்றுதான். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஒரு கோட்டில்.

இனிமேல்தான் எனக்குத் தூக்கம் கெட்ட இடம். 10க்குப் பதிலாக 7.8 போட்டுப் பாருங்கள்: sin x = x/7.8. இரண்டாம் மேட்டின் உச்சியில் கோட்டின் உயரம் 1.007, அலையைவிட அதிகம். ‘கோடு மேலே போய்விட்டது, வெட்டாது, மொத்தம் மூன்றே’ என்று எழுதத் தோன்றும். தவறு! கோடு ஏறிக்கொண்டே போவதால், உச்சிக்குச் சற்று இடப்பக்கம் அது தாழ்வாக இருக்கிறது. அங்கே அலை இன்னும் பெரிதாக இறங்கிவிடவில்லை. 7.67க்கு அருகே ஒருமுறை, 7.78க்கு அருகே மறுமுறை, உச்சியைத் தொடாமலேயே வெட்டிவிட்டுப் போகிறது. அடடா, என்ன குறும்பு! கைப்படத்தில் இது கண்ணுக்கே தெரியாது.

உச்சியில் கோடு கீழே இருந்தால் இரண்டு தீர்வுகள் உறுதி. மேலே இருந்தால் எதுவும் உறுதியில்லை. உண்மையான எல்லை, கோடு அலையைத் தொட்டுக்கொண்டு போகும் இடம். அங்கே உயரமும் சமம், சாய்வும் சமம்; இரண்டையும் சேர்த்தால் tan x = x வருகிறது. இந்த மேட்டில் அதன் தீர்வு x ≈ 7.725, அதற்குரிய வகுஎண் ஏறத்தாழ 7.790. 7.8 அதைவிட ஒரு மயிரிழை பெரியது, அதனால்தான் தப்பித்தது. அடுத்த மேட்டிலும் இதே கூத்து உண்டு, ஆனால் சந்து இன்னும் குறுகல்: 14.102க்கும் 14.137க்கும் இடையில். 14.12 போட்டு எண்ணினால் பதினொன்று வர வேண்டும்.