கம்பி வரைபடமும் ஓரக் குறிப்பும்

வீட்டுக் கூரைத் தளத்தின் வரைபடத்தில் `T10 @ 150 c/c` என்று ஒரு வரி இருக்கும். 10 மி.மீ. முறுக்குக் கம்பிகளை, ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 150 மி.மீ. வரும்படி வைக்க வேண்டும் என்று பொருள். இந்தச் சுருக்கெழுத்தில் எனக்குக் குறை இல்லை. 3 மீட்டர் அகலத்துக்கு 20 இடைவெளி, 21 கம்பி என்று உடனே கணக்குப் போட்டுவிடலாம். புதியவர் ஒருவர் 150-ஐக் கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் என்று எடுத்துக்கொண்டால் மையத் தூரம் 160 ஆகி, கம்பியின் அளவு சுமார் 6 சதவீதம் குறையும். ஆனால் கான்கிரீட் கொட்டுமுன் டேப் பிடித்தால் அந்தப் பிழை அகப்பட்டுவிடும்.

கவரும் லேப்பும் அப்படி எளிதில் அகப்படுவதில்லை. வரைபடமோ அவற்றைத்தான் கம்பியின் பக்கத்தில் எழுதாமல், தாளின் ஓரத்தில் பொதுக் குறிப்புகளுக்குள் தள்ளிவிடுகிறது.

கவர் என்பது வெளிக் கம்பியின் மேற்பரப்புக்கும் கான்கிரீட்டின் மேற்பரப்புக்கும் இடைப்பட்ட கனம். 125 மி.மீ. தளத்தில் 20 கவர் என்றால், 10 மி.மீ. கம்பியின் மையம் எதிர் முகத்திலிருந்து 100 மி.மீ. தள்ளி நிற்கும். தளத்தின் வலு இந்த 100-ஐ நம்பியிருக்கிறது. பீமுக்கு மேலே வரும் மேல் கம்பியை ஆட்கள் மிதித்து 20 மி.மீ. இறக்கிவிட்டால் அது 80 ஆகிறது. அந்த இடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும். கீழ்க் கம்பிக்கு வைக்கும் கவர் பிளாக் இதைத் தடுக்காது. மேல் கம்பியைத் தாங்கச் சேர் கம்பி வேண்டும். அது பல வரைபடங்களில் காட்டப்படுவதே இல்லை.

லேப் விஷயம் இன்னும் மோசம். `LAP = 50d` என்ற ஒரே வரி, வேலைக்கு வேலை நகலெடுக்கப்படுகிறது. d என்பது கம்பியின் விட்டம். IS 456:2000 விதிப்படி, வளைவில் இழுவிசை தாங்கும் கம்பிக்கு M20 கான்கிரீட்டில் Fe 415 கம்பி என்றால் சுமார் 47d தேவை, 50d தாராளம். அதே கான்கிரீட்டில் கம்பியை Fe 500 ஆக மாற்றினால் தேவை 57d ஆகிவிடுகிறது. 16 மி.மீ. கம்பிக்கு 912 மி.மீ. வேண்டிய இடத்தில் குறிப்பு 800 கொடுக்கிறது. கான்கிரீட் M25 ஆனால் 49d போதும், பழைய வரி மறுபடி சரியாகிவிடும். ஆகவே அந்த வரியைப் படிக்கும்போதே கான்கிரீட் தரத்தையும் கம்பித் தரத்தையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

லேப் எங்கே வரலாம் என்பதையும் அந்த வரி சொல்வதில்லை. பீமின் கீழ்க் கம்பியை நடுப்பகுதியில் இணைப்பதும், எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் இணைப்பதும் தவறு. பாதிக்கு மேல் ஓரிடத்தில் சேரக்கூடாது.

சில அலுவலகங்கள் விட்டம்வாரியாக மி.மீ. கணக்கில் லேப் அட்டவணை தருகின்றன. கம்பி கட்டுபவர் பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இது மேல். ஆனால் அட்டவணையின் தலையில் தரங்களை எழுதாவிட்டால், இதுவும் அடுத்த வேலைக்கு அப்படியே நகலாகிவிடும்.