கருவிப் பெயரும் வேற்றுமை உருபும்: வானிலைக் கையேட்டுத் தமிழாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

அறிவியல் தமிழாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லிலேயே நின்றுவிடுகின்றன. பள்ளி வளாகங்களில் நிறுவப்படும் சிறு வானிலை நிலையத்திற்கான ஆங்கிலக் கையேடு ஒன்றை ஆசிரியர்களுக்காகத் தமிழாக்கும் பணியில் இக்கட்டுரையாளரும் பங்கேற்றார். குழுவின் முதல் இரு நாள்கள் பெயர்களிலேயே கழிந்தன. ‘மானி’ வடசொல் அடியது, ஆதலால் ‘அளவி’ வேண்டும் என்பாரும், பாடநூலில் பழகிய ‘மானி’யே போதும் என்பாரும் இருந்தனர். ஈரப்பதமானியா, ஈரநிலைமானியா என்பதற்கு மட்டும் அரைநாள் ஆயிற்று. ஆனால் முதல் வரைவைக் கொண்டு ஆசிரியர்கள் பதிவேட்டை நிரப்பியபோது தோன்றிய பிழைகளுள் மிகச் சிலவே பெயரால் விளைந்தவை. ஏனையவை தொடர்களில் இருந்தன. அவ்வரைவின் தொடர்களையே இக்கட்டுரை ஆராய்கிறது.

வேகம் காட்டாத வேகமானி

பெயரால் விளைந்த பிழையை முதலில் சொல்லிவிடலாம். ஆங்கிலம் கிரேக்கத்திலிருந்து பெற்ற ‘அனிமோமீட்டர்’ என்னும் சொல் ‘காற்றளவி’ என்ற அளவிலேயே பொருள்படும். தமிழில் அது ‘காற்றுவேகமானி’ ஆயிற்று. ‘வேகம்’ நாம் சேர்த்தது. திரையில் வேகத்தை நேரே காட்டும் மின்னணுக் கருவிக்கு இப்பெயர் பொருந்தும். கையேடு விளக்கிய கருவியோ கிண்ணங்கள் சுழலச் சுழல எண்கள் ஏறும் எண்ணிப் பொறியுடையது. அது காட்டுவது வேகமன்று. காற்று கடந்த தொலைவு. வண்டியில் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்களைப் போன்றது அது.

மூன்று நிமிட இடைவெளியில் இருமுறை எண்ணைக் குறித்து, வேறுபாட்டை இருபதால் பெருக்க வேண்டும். முதலில் 2746.3, மூன்று நிமிடம் கழித்து 2746.9 எனில் கடந்த தொலைவு 0.6 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். வரைவில் ‘காற்றுவேகமானியின் அளவீட்டைக் குறிக்கவும்’ என்றிருந்தது. வேகமானியின் அளவீடு வேகமாகத்தானே இருக்க வேண்டும்! ஓர் ஆசிரியர் வேகம் என்ற கட்டத்தில் 2746.3 என்றே எழுதியிருந்தார். அவரைக் குறை கூற இயலாது. திருத்திய வரைவில் பெயரை மாற்றவில்லை; பாடநூலோடு முரண்படுவது வேறொரு குழப்பத்தைத் தரும். ‘எண்ணியில் தெரிவது காற்றோடிய தொலைவு’ என்ற ஒரு தொடரைச் சேர்த்தோம். பதிவேட்டில் ‘முதல் எண்’, ‘இரண்டாம் எண்’, ‘வேறுபாடு’, ‘வேகம்’ என நான்கு கட்டங்கள் அமைத்தோம்.

‘திசையில்’ என்னும் ஏழாம் வேற்றுமை

இதனினும் நுண்ணியது காற்றின் திசை. வானிலையியலில் காற்று எங்கிருந்து வருகிறதோ அத்திசையே அதன் பெயர். தமிழ் மரபும் இதுவே. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. பெயரிடலில் தமிழ் ஆசிரியருக்குப் புதிதாகக் கற்பிக்க ஒன்றுமில்லை.

எனினும் வரைவு ‘காற்று வீசும் திசையைக் குறிக்கவும்’ என்றும், எடுத்துக்காட்டாகக் ‘காற்று வடகிழக்குத் திசையில் வீசுகிறது’ என்றும் எழுதியது. ‘அவன் தெற்குத் திசையில் நடந்தான்’ என்றால் தெற்கு நோக்கிச் சென்றான் என்றே கொள்வோம். இயக்க வினையோடு வரும் ‘திசையில்’ செல்லுமிடத்தைச் சுட்டுகிறது. புறப்படும் இடத்தைச் சுட்ட ‘இலிருந்து’ வேண்டும். ஏழாம் வேற்றுமை நின்ற இடத்தில் ஐந்தாம் வேற்றுமை நின்றிருக்க வேண்டும். அது இல்லாமையால் பதிவு நூற்றெண்பது பாகை திரும்பிவிட்டது. ஆங்கில மூலத்தில் இவ்வையம் எழவில்லை. அங்குத் திசைப்பெயர் காற்றுக்கு அடைமொழியாக நின்றது. அடைமொழியை வினையாக விரித்தபோது நாமே பிழையை உண்டாக்கினோம். ‘வடகிழக்குக் காற்று’ என்றே விட்டிருந்தால் மரபு காப்பாற்றியிருக்கும்.

இப்பிழையைக் கண்டுகொள்ளப் பருவமே துணை. தமிழகக் கடற்கரையை ஒட்டிய பள்ளி ஒன்றில் திசம்பர் முழுவதும் தென்மேற்குக் காற்று எனப் பதிவு இருந்தால், வடகிழக்குப் பருவக்காற்றைத் தலைகீழாக எழுதியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம். காற்றுத் திசைகாட்டியின் அம்புமுனை காற்று வரும் பக்கத்தைக் காட்டும். வால்தான் போகும் பக்கம். திருத்திய வரைவு ‘அம்புமுனை காட்டும் பக்கத்திலிருந்து காற்று வருகிறது; அப்பக்கத்தின் பெயரை எழுதுக’ என்கிறது. நீளம்தான், ஆயினும் ஐயத்திற்கு இடமில்லை.

குவளையும் நாளும்

மழைமானியில் சேர்ந்த நீரை அதற்குரிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி மில்லிமீட்டரில் படிக்க வேண்டும். ‘அதற்குரிய’ என்பதே இங்கு உயிர்ச்சொல். வரைவு ‘அளவிடும் குவளையில் ஊற்றவும்’ என்றதோடு நிறுத்தியது. அளவிடும் குவளை என்றால் ஆசிரியர்க்கு நினைவு வருவது வேதியியல் ஆய்வகத்து மில்லிலிட்டர்க் குவளை. ‘மி.லி.’, ‘மி.மீ.’ என்னும் சுருக்கங்களும் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன.

இந்தியாவில் வழங்கும் மழைமானிகளுள் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் உடையதும், 100 சதுர சென்டிமீட்டர் உடையதும் உண்டு. முன்னதில் 250 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் மழை 12.5 மில்லிமீட்டர். ஆய்வகக் குவளையால் அளந்து 250 என்று எழுதினால், அது 25 சென்டிமீட்டர் மழை, ஊரே வெள்ளக்காடாகியிருக்கும். ஆகவே அப்பிழை தானே வெளிப்படும். சிறிய மானிக்குரிய குவளையால் அளந்தால் 25 மில்லிமீட்டர் என வரும். அது நம்பத்தக்க எண். அருகிலுள்ள மற்றொரு மழைமானியோடு பல நாள் ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் இருமடங்கு இருப்பதைக் கண்டாலன்றி அப்பிழை புலப்படாது. இப்போது கையேட்டில் ‘மழைக்குவளை’ என்ற தனிச்சொல் ஆளப்படுகிறது. மானியின் வாய்ப்பரப்பும் குவளையில் பொறித்த பரப்பும் ஒன்றாக உள்ளனவா என்று பார்க்குமாறு அறிவுறுத்தல் அதனையடுத்து வருகிறது.

‘அன்றைய மழை’ என்ற மொழிபெயர்ப்பும் இடர் தந்தது. இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி, முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது அன்றைய நாளின் கணக்கில் சேரும். தாம்பரத்தில் பதிவான 49 சென்டிமீட்டர் மழையை 2015 திசம்பர் 2 ஆம் நாளின் பதிவு எனக் காண்கிறோம். மக்கள் நினைவில் அது முதல் நாளின் மழை. இரண்டும் மெய்யே. வரைவைப் படித்த ஆசிரியர்கள் சிலர் முந்தைய நாளின் கட்டத்திலும் சிலர் அளந்த நாளின் கட்டத்திலும் எழுத, ஒரே மழை இரு பள்ளிகளில் இரு நாள் பெய்ததாயிற்று.

ஈரப்பதமானியும் ‘தாழ்வு’ம்

அரைநாள் விவாதித்த பெயரைத் தேடிய ஆசிரியர் கண்டது ஒரு பலகையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் நனைந்த மல்துணி. அவற்றின் காட்டளவு வேறுபாட்டை ஆங்கிலம் இறக்கம் என்னும் பொருள்படச் சுட்டுகிறது. வரைவு அதனை ‘ஈரக்குமிழ்த் தாழ்வு’ என்றது. வானிலைச் செய்தி கேட்டுப் பழகிய தமிழர்க்குத் தாழ்வு என்பது காற்றழுத்தத் தாழ்வு நிலையே. “இதைப் புயல் நாள்களில் மட்டும் எழுதினால் போதுமா, ஐயா?” என்று ஓர் ஆசிரியை வினவினார். ‘வேறுபாடு’ என்ற எளிய சொல் அங்குப் போதுமானதாயிருந்தது.

மல்துணி உலர்ந்துவிட்டால் இரு வெப்பமானிகளும் ஒன்றே காட்டும். அட்டவணைப்படி ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காடு ஆகிவிடும். மே மாத நண்பகலில் அவ்வாறு வந்தால் எண்ணை எழுதுவதற்குமுன் துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதைக் கையேட்டில் சேர்க்கச் சொன்னவரும் அவ்வாசிரியையே. மூலத்தில் அத்தொடர் இல்லை. மொழிபெயர்ப்பில் சேர்ப்பது முறையா என்று குழுவில் ஒருவர் தடை எழுப்பினார்; சேர்த்தோம்.