கால் நொடி உலை

எஃகுப் பற்சக்கரத்தின் பல்லை லேசர் கடினப்படுத்தும்போது, பார்ப்பவர்கள் ஒளியை ரசிப்பார்கள். எனக்குப் பிடித்தது அதன் அடியில் ஓடும் கணக்கு.

தடித்த எஃகுக் கட்டி ஒன்றுக்குள் சதுர மில்லிமீட்டருக்கு 20 வாட் வெப்பம் மாறாமல் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வரத்து சீரானது, மேற்பரப்பின் சூடு மட்டும் சீராக ஏறுவதில்லை.

ΔT = (2q/k)√(αt/π)

q உள்ளே இறங்கும் வெப்பம், k கடத்துதிறன், α வெப்பப் பரவல் கெழு, t நேரம். சூடான எஃகுக்கு k = 30, α = 6×10⁻⁶ (SI அலகுகளில்) என்று கொண்டால், கால் நொடியில் மேற்பரப்பு ஏறக்குறைய 920 டிகிரி ஏறிவிடும். அந்தக் கால் நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்திலேயே 92 டிகிரி வந்துவிடுகிறது! பிறகுதான் நிதானம். நேரம் நான்கு மடங்கானால் சூடு இரண்டே மடங்கு. காரணம் எளிது: உள்ளே வந்த வெப்பம் நேரத்தோடு பெருகுகிறது, அதைப் பங்குபோடும் அடுக்கின் ஆழமும் √t கணக்கில் தடித்துக்கொண்டே போகிறது.

கால் நொடியில் அந்த அடுக்கு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். 0.3 மில்லிமீட்டர் ஆழத்தில் சூடு 760 டிகிரிக்கு அருகில் நிற்கும். எஃகின் உள்ளமைப்பு மாறத் தொடங்கும் எல்லை அதுதான். பேராசைப்பட்டு 0.6 நொடி வரை நீட்டினால் மேற்பரப்பு உருகத் தொடங்கும்.

லேசரை அணைத்த பிறகுதான் உண்மையான வேடிக்கை. அணைப்பதைக் கணக்கில் எழுத, அதே சூத்திரத்தை அணைத்த கணத்திலிருந்து கழித்தால் போதும்: √t − √(t − 0.25). நூறு மில்லி நொடிக்குள் உயர்வு 920-இலிருந்து 510 டிகிரிக்கு வந்துவிடுகிறது. எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அடியில் குளிர்ந்து கிடக்கும் இரும்பே மேல்தோலைக் குளிப்பாட்டி மார்ட்டன்சைட்டாக்கிவிடுகிறது. சூடேற்றியதும் குளிர்வித்ததும் ஒரே √t.

இந்த அழகுக்கு நிபந்தனைகள் உண்டு. 10.6 மைக்ரான் கார்பன் டை ஆக்சைடு லேசரில் பளபளக்கும் எஃகு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் அந்த லேசர் புழங்கிய காலத்தில் கிராஃபைட் பூசினார்கள். பூச்சு சீராக இல்லையென்றால் q-வும் திட்டுத்திட்டாக மாறும். ஒளிப்பொட்டு அந்த 1.2 மில்லிமீட்டரைவிட நன்கு அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெப்பம் பக்கவாட்டில் நழுவும். k, α இரண்டும் சூட்டோடு மாறுபவை என்பதால் மேலே உள்ள எண்களைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

எந்த நிபந்தனை தவறியது என்று கண்டுபிடிக்க நான் விரும்பும் வழி, பைரோமீட்டர் காட்டும் சூட்டை √t-க்கு எதிரே வரைவது. கோடு நேராகப் போனால் கட்டி உண்மையிலேயே 'தடித்தது'தான். கீழே வளைந்தால் பொட்டு சிறிது. மேலே வளைந்தால் வெப்பம் பின்சுவரை எட்டிவிட்டது, தகடு மெல்லியது.