கோடையை வெட்டும் நிதியாண்டு

இந்தியாவில் கணக்கு ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில் தொடங்குவது 1867-இல் வந்த ஏற்பாடு. அதற்கு முன் அரசின் ஆண்டு மே முதல் தேதியில் பிறந்து ஏப்ரல் 30-இல் முடிந்தது. பிரிட்டன் அரசின் கணக்கோடு ஒத்துப்போகவே மாற்றினார்கள். வணிகர்கள் உடனே இதற்குள் வந்துவிடவில்லை. வருமான வரிக்குக்கூடத் தனக்கு வசதியான பன்னிரண்டு மாதங்களை வைத்துக்கொள்ள வெகுகாலம் இடமிருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடித்தவர்கள் வடக்கே ஏராளம். 1989 ஏப்ரலோடு அந்தச் சலுகை போயிற்று. அன்றுமுதல் வரிக்கு ஒரே ஆண்டுதான். ஜிஎஸ்டி வந்த பிறகு பில் எண் வரிசையும் அந்த ஆண்டுக்குள் அடங்கிவிட்டது. ஆகவே விற்பனையைத் தொகுக்கும்போதும் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று கூட்டுவது கடைகளில் கேள்வியில்லாத வழக்கமாகிவிட்டது. வரிக்காக அப்படிக் கூட்டுவதில் தவறில்லை. வியாபாரம் வளர்ந்ததா, தேய்ந்ததா என்று பார்க்கவும் அதே கூட்டலை நம்புவதுதான் ஆராய வேண்டிய விஷயம்.

முதலில் இந்த முறைக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவோம். தமிழ்நாட்டு ஜவுளிக்கடைக்கு ஏப்ரல் ஆண்டு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. மே, ஜூனில் பள்ளிச் சீருடை, பிறகு ஆடித் தள்ளுபடி, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், அதையொட்டி வரும் முகூர்த்தங்கள் எல்லாம் ஒரே ஆண்டுக்குள் முழுதாக விழுகின்றன. தீபாவளி அக்டோபரில் வந்தாலும் நவம்பரில் வந்தாலும் நிதியாண்டின் மூன்றாம் காலாண்டை விட்டு நகர்வதில்லை. தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய சரக்கு பொங்கலில் கழியும். அந்த வரவும் அதற்கான செலவும் ஒரே கணக்கில் நிற்கும். டிசம்பர் 31-இல் ஆண்டை முடித்தால், பொங்கலுக்கு இறக்கிய சரக்கு அலமாரியில் இருக்கையிலேயே கணக்கு மூடப்படும். தீபாவளி ஓர் ஆண்டிலும் அதன் மிச்சத்தைத் தீர்க்கும் பொங்கல் அடுத்த ஆண்டிலும் போய் உட்காரும். நாட்காட்டி ஆண்டுதான் இயல்பானது என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

அதே தெருவில் இரண்டு கடை தள்ளி இருக்கும் ஏசி விற்பனையாளருக்கு நிலைமை தலைகீழ். அவருடைய பருவம் பிப்ரவரியில் மெல்லத் தொடங்கி, மார்ச்சில் ஏறி, ஏப்ரல், மே மாதங்களில் உச்சம் தொட்டு, ஜூனில் அடங்குகிறது. ஏப்ரல் முதல் தேதி அந்தப் பருவத்தின் நடுவே விழும் வெட்டு. எண்களை வைத்துப் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக அமைத்தவை. வழக்கமான ஆண்டில் ஒரு கடை பிப்ரவரியில் 40, மார்ச்சில் 120, ஏப்ரலில் 150, மேயில் 160, ஜூனில் 50 என்று கோடைக்கு 520 ஏசி விற்கிறது. மற்ற ஏழு மாதங்களில் மாதம் 20 வீதம் 140. ஆக 660. நடுவில் ஓர் ஆண்டு வெயில் முந்திக்கொள்கிறது. ஏப்ரல் கடைசியில் மழையும் வருகிறது. அந்தக் கோடையில் மாத விற்பனை முறையே 80, 180, 120, 110, 30. மொத்தம் அதே 520 தான். நாட்காட்டி ஆண்டாகக் கூட்டினால் எல்லா ஆண்டும் 660. நிதியாண்டாகக் கூட்டினால், முந்திய வெயிலின் பிப்ரவரியும் மார்ச்சும் சேர்ந்த ஆண்டுக்கு 760 வருகிறது. அதற்கடுத்த ஆண்டுக்கு 560 தான். முதலில் நூறு ஏசி வளர்ச்சி, பிறகு இருநூறு ஏசி வீழ்ச்சி, அதாவது நூற்றுக்கு இருபத்தாறு சரிவு. வாங்கியவர்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாமல் இப்படி ஒரு சரிவு தாளில் பிறந்துவிடுகிறது. அதைப் பார்த்து ஊழியர் ஒருவரைக் குறைத்தாலோ, அடுத்த கோடைக்குக் குறைவாக ஆர்டர் போட்டாலோ, நட்டம் நிஜமாகிவிடும்.

ஆண்டுதோறும் வெட்டு ஒரே தேதியில்தானே விழுகிறது, பிறகு ஒப்பீடு எப்படிப் பிழையாகும் என்று கேட்கலாம். வெட்டு நகர்வதில்லை, பருவம் நகர்கிறது. பிறை பார்த்து வரும் ரம்ஜானில் இது பளிச்சென்று தெரியும். தமிழ்நாட்டில் 2024-இல் ஏப்ரல் 11 அன்றும் 2025-இல் மார்ச் 31 அன்றும் பெருநாள் வந்தது. 2024-25 என்ற ஒரே நிதியாண்டில் இரண்டு பெருநாள்! முதல் பெருநாளின் வியாபாரத்தில் ஒரு பங்கு முந்தைய மார்ச்சிலேயே முடிந்திருக்கும். இரண்டாவதன் வியாபாரமோ முழுவதும் இந்த ஆண்டுக்குள். பெருநாள் துணி விற்பவர் அந்த ஆண்டின் வளர்ச்சியைப் பார்த்து மகிழ்வதற்கு முன் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. (நாட்காட்டி ஆண்டுக்கும் இந்தச் சிக்கல் உண்டு, 2000-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு பெருநாள், டிசம்பரில் ஒரு பெருநாள்.)

மார்ச் மாதத்துக்கு இன்னொரு நோயும் உண்டு. ஆண்டு இலக்கை எட்டுவதற்காகக் கம்பெனியின் விற்பனைப் பிரிவு மாதக் கடைசியில் ஸ்கீம் அறிவித்து, டீலர் தலையில் சரக்கைக் கட்டும். கம்பெனி கணக்கில் அது விற்பனை. உண்மையில் சரக்கு ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. எந்த மாதத்தில் ஆண்டை முடித்தாலும் கடைசி மாதத்துக்கு இந்த நோய் வரும் என்பது உண்மை. ஆனால் ஏசி, ஃபேன், குளிர்பானம் போன்றவற்றில் கோடைக்காக டீலர்கள் தாமாகவே சரக்கு ஏற்றுவதும் மார்ச்சில்தான். நிஜத் தேவையும் திணிப்பும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் பிரித்தறிவது கடினமாகிறது. ஏப்ரல், மே மாதங்களில் எழுதப்படும் கிரெடிட் நோட்டுகளை மார்ச் விற்பனையோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். டீலரிடமிருந்து வாடிக்கையாளருக்குப் போன எண்ணிக்கையையும், மார்ச் பில்லுக்குப் பணம் வர எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் பார்த்தால் மீதி தெரிந்துவிடும்.

அப்படியானால் நாட்டின் ஆண்டையே மாற்றிவிடலாமே என்ற யோசனை பழையது. 1984-இல் அமைக்கப்பட்ட எல்.கே. ஜா குழு ஜனவரியில் தொடங்கும் ஆண்டைப் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. 2016-இல் சங்கர் ஆச்சார்யா தலைமையில் இன்னொரு குழு ஆராய்ந்தது, ஆண்டு மாறவில்லை. அரசுக்கு இருக்கும் காரணங்கள் வேறு. வணிகரின் பக்கமிருந்து பார்த்தாலும் மாற்றம் பயன் தராது: ஏசிக்காரரைக் காப்பாற்றப் போய் ஜவுளிக்காரரின் பருவத்தை வெட்டுவோம்.

வேண்டியது, தொகுப்பை இரண்டாக வைத்துக்கொள்வது. வரிக்கும் வங்கிக்கும் ஏப்ரல் ஆண்டு. வியாபாரத்தை எடைபோட, அந்தச் சரக்கின் விற்பனை மிகவும் மந்தமாக இருக்கும் மாதத்தில் தொடங்கும் ஆண்டு. ஏசிக்கு அது ஜூலையாகவோ அக்டோபராகவோ இருக்கலாம். இரண்டு கணக்கு குழப்பம் தருமே என்ற அச்சத்துக்கு இடமில்லை. பில் ஒன்றுதான், தேதி ஒன்றுதான். கூட்டும் எல்லை மட்டுமே மாறுகிறது. எக்செல் தாளில் A2-வில் பில் தேதி இருந்தால், நிதியாண்டின் தொடக்க ஆண்டைத் தருவது இந்த வரி:

```
=YEAR(EDATE(A2,-3))
```

ஜூலையில் தொடங்கும் ஆண்டுக்கு -3 என்பதை -6 ஆக்கினால் போதும். இதற்கு ஒரே நிபந்தனை, விற்பனை நாள்வாரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். மொத்தத்தை மட்டும் எழுதி வைத்த பழைய ஆண்டுகளை எந்தச் சூத்திரத்தாலும் மறுபடி பிரிக்க முடியாது. ஆண்டின் பெயரையும் 2024-25 என்று முழுதாக எழுதுங்கள். இந்தியக் கம்பெனிகள் 2025-ஆம் நிதியாண்டு என்று முடியும் ஆண்டால் குறிப்பதையே ஜப்பானில் தொடங்கும் ஆண்டால் 2024 என்கிறார்கள்.